ஆத்தங்குடி கல் பட்டறைக்கு பில்லிங் சாஃப்ட்வேர்: மூன்று டெமோ, இரண்டு ட்ரையல், ஐந்து காகிதம்

பெரியப்பாவின் பட்டறையில் கணக்கு பார்ப்பது நான். ஆத்தங்குடிக் கல்லை வாங்க வருகிறவர் சதுர அடியில் கேட்பார். பட்டறையில் செய்கிறவர் கல்லாக எண்ணுவார். லாரியில் ஏற்றுவதும் கல்லாகத்தான், பில் போடுவது மறுபடியும் சதுர அடியில். இத்தனை வருடமும் இந்த இரண்டு கணக்கும் இரண்டு நோட்டில் ஓடின. மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போகாது. அதற்காகத்தான் சாஃப்ட்வேர் தேடினோம்.

கையில் மூன்று வழி இருந்தது. ஒன்று, கம்ப்யூட்டரில் ஏற்றி லைசென்ஸ் வாங்கும் கணக்குப் பேக்கேஜ். இதற்குக் காரைக்குடியில் டீலர் உண்டு. இரண்டு, வருடச் சந்தா கட்டி போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓட்டும் ஆப். மூன்று, நமக்கென்றே எழுதித் தரும் உள்ளூர் புரோகிராமர். மூவரையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும் என்றால் தராசு நம்முடையதாக இருக்க வேண்டும். அந்தத் தராசை எப்படிச் செய்தோம், யார் எங்கே இடறினார்கள் என்பதை எழுதுகிறேன். கல் பட்டறை இல்லாதவர்களும் தங்கள் தொழிலின் அளவுகளைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

தேவைப் பட்டியல் எங்கிருந்து வந்தது

முதலில் நான் செய்தது தப்பு. இணையத்தில் கிடைத்த ஒரு பொதுப் பட்டியலை எடுத்து அறுபது கேள்வி எழுதினேன். "ஸ்டாக் பார்க்கலாமா, ஜிஎஸ்டி வருமா, ரிப்போர்ட் உண்டா?" இப்படிக் கேட்டால் மூன்று பேருமே எல்லாவற்றுக்கும் "உண்டு" என்றுதான் சொல்வார்கள், சொன்னார்கள். எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்த பட்டியலால் யாரையும் பிரித்துப் பார்க்க முடியாது.

பிறகு நோட்டை எடுத்து, கடந்த ஆறு மாதத்தில் எங்களைத் தூங்கவிடாத ஐந்து வியாபாரங்களைப் பொறுக்கினேன். ஒவ்வொன்றையும் ஒரு காகிதத்தில் எழுதினேன்.

முதல் காகிதம்: பத்துக்குப் பத்து அங்குலப் பூக்கல், 640 சதுர அடி. முன்பணம் 25,000 ரூபாய். மூன்று லோடாகப் போனது: 320, 200, 120 சதுர அடி. இரண்டாவது: லாரியில் உடைந்து திரும்பிய 38 கல். மூன்றாவது: பெங்களூர்க்காரர் ஒருவருக்குப் போன லோடு. நான்காவது: இன்று வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும் கல். கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணம் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு எடுத்த கல்லை அன்றைக்கே விற்க முடியாது. தொட்டியில் ஊறி, காய்ந்து வர எங்கள் பட்டறையில் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. ஐந்தாவது: சிமெண்ட் வாங்கிய பில், அதில் கட்டிதட்டிப்போய்த் திருப்பி அனுப்பிய மூட்டைகள்.

இந்த ஐந்து காகிதமும்தான் எங்கள் தேவைப் பட்டியல். "ஸ்டாக் உண்டா?" என்ற கேள்வி இதில் கிடையாது. "தொட்டியில் இருக்கிற 300 கல்லை விற்கக்கூடாத ஸ்டாக்காக எனக்குக் காட்டுங்கள்" என்றுதான் இருக்கிறது. இதற்கு "உண்டு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது, செய்து காட்டியாக வேண்டும்.

டெமோ கேட்டு எழுதிய கடிதம்

போனில் கேட்டால் உடனே வருவார்கள். வந்து, தங்கள் மாதிரிக் கம்பெனியைத் திறந்து, அதில் சோப்பும் பிஸ்கட்டும் விற்றுக் காட்டுவார்கள். அதில் எதுவும் தடுமாறாது. அதனால் மூவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினேன்:

> ஐயா, எங்களுடையது ஆத்தங்குடிக் கல் பட்டறை. கணக்குக்கு ஒரு சாஃப்ட்வேர் வாங்கப் பார்க்கிறோம். இணைத்துள்ள ஐந்து வியாபாரங்களை, எங்கள் முன்னால், எங்கள் அளவுகளைப் போட்டுச் செய்து காட்டும்படி ஒரு மணி நேர டெமோ வேண்டும். உங்கள் மாதிரி டேட்டா வேண்டாம். முடியாத இடத்தில் முடியாது என்றே சொல்லுங்கள், அதற்காக உங்களை ஒதுக்க மாட்டோம். டெமோவுக்குப் பிறகு, எல்லா வசதியும் திறந்த ட்ரையல் ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 14 வரை வேண்டும். அந்த நாட்களில் நாங்கள் போடும் டேட்டா, வாங்கினால் அப்படியே தொடருமா, வாங்காவிட்டால் எக்செல்லில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று எழுதித் தரவும். மூன்று வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதையும், புதுப்பிப்பு, கூடுதல் ஆள், பயிற்சி எல்லாம் சேர்த்து, எழுதித் தரவும்.

"முடியாத இடத்தில் முடியாது என்று சொல்லுங்கள்" என்ற வரி நல்ல வேலை செய்தது. டீலரிடமிருந்து வந்தவர் நான்காவது காகிதத்தைப் பார்த்ததும், "இதுக்குத் தனியா வசதி இல்லைங்க, வேற வழியில செய்யலாம்" என்றார். அந்த ஒரு பதிலால் மற்ற நான்கிலும் அவர் சொன்னதை நம்பினேன்.

தேதியிலும் ஒரு கணக்கு உண்டு. வழக்கமான ட்ரையல் 14 நாள். அதை மாத நடுவில் தொடங்கினால் நாலு பில் போட்டு "நல்லாயிருக்கே" என்பதோடு முடிந்துவிடும். சாஃப்ட்வேரின் உண்மை முகம் மாதம் முடியும்போதும், 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போடும்போதும்தான் தெரியும். அதனால் 25-ல் தொடங்கி அடுத்த மாதம் 14 வரை கேட்டேன். அது ஆடி மாதமாகவும் அமைந்தது. ஆடியில் யாரும் புதுமனை புகுவதில்லை என்பதால் எங்களுக்கு லோடு குறைவு. ஒரே வியாபாரத்தை நோட்டிலும் இரண்டு சாஃப்ட்வேரிலும் எழுத ஆளுக்கு நேரம் இருக்கும். ஆவணி பிறந்துவிட்டால் அது நடக்காது. ஆப்காரர்கள் முதலில் 14 நாளுக்கு மேல் தர மாட்டோம் என்றார்கள். மாதக் கடைசியைப் பார்க்க வேண்டும் என்ற காரணத்தை எழுதியதும் நீட்டித் தந்தார்கள்.

ட்ரையலுக்கு முன் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். சில பேக்கேஜ்களின் இலவசப் பதிப்பில் எல்லாத் தேதியிலும் பில் போட முடியாது. மாதத்தின் 1, 2, 31 தேதிகளை மட்டும் ஏற்கும். பழகிப் பார்க்க அது போதும், பரீட்சை வைக்கப் போதாது. "எல்லா வசதியும் திறந்த ட்ரையல்" என்று கடிதத்தில் எழுதியது அதற்காகத்தான். இன்னொன்று, அளவும் தொகையும் உண்மையாக இருக்கட்டும், வாடிக்கையாளர் பெயரையும் போன் எண்ணையும் மாற்றிப் போடுங்கள். வாங்காமல் போகக்கூடிய சாஃப்ட்வேரில் பிறர் எண்களை விட்டுவிட்டு வரக்கூடாது.

கல்லும் சதுர அடியும்

டெமோவில் அதிக நேரம் போனது முதல் காகிதத்தில்தான், போக வேண்டியதும் அதில்தான். ஒரு சதுர அடி என்பது 144 சதுர அங்குலம். பத்துக்குப் பத்துக் கல் 100 சதுர அங்குலம். ஆகவே சதுர அடிக்கு 1.44 கல். 640 சதுர அடிக்கு 921.6, அதாவது 922 கல்.

ஆப்பில் நாங்கள் ஸ்டாக்கைக் கல்லில் வைக்கச் சொன்னதால், வந்த பையன் தலைகீழாகப் போட்டார்: ஒரு கல் எத்தனை சதுர அடி? 0.694444 என்று முடிவில்லாமல் போகும் எண் அது. ஆப் இரண்டு தசமம்தான் வாங்கும், 0.69 என்று நின்றது. 922 கல்லை 0.69-ஆல் பெருக்கினால் 636.18 சதுர அடிக்குத்தான் பில் வருகிறது. 3.82 சதுர அடி காணாமல் போயிற்று. சதுர அடி 60 ரூபாய் என்றால் 229 ரூபாய். சதுர அடியிலேயே பில் போட்டால் இதைவிட மோசம். 640-ஐ 0.69-ஆல் வகுத்து 928 கல்லை ஸ்டாக்கில் கழித்துவிடும். போனது 922, கழிந்தது 928. பத்து ஆர்டரில் அறுபது கல் பட்டறையில் இருந்தும் கணக்கில் இருக்காது.

ஒரு பில்லை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. பில் அழகாகத்தான் வரும். கண்டுபிடிக்க ஒரே வழி, பில் போட்ட கையோடு ஸ்டாக் பக்கத்தைத் திறந்து, எத்தனை கல் குறைந்திருக்கிறது என்று பார்ப்பது. டெமோவில் ஒவ்வொரு பில்லுக்குப் பிறகும் "ஸ்டாக்கைக் காட்டுங்க" என்றேன்.

பிறகு ட்ரையலில் நானே ஒரு வழி கண்டேன். முதல் அளவைச் சதுர அடியாக வைத்து, 1 சதுர அடி = 1.44 கல் என்று போட்டால் பிசகில்லை. ஆனால் 320 சதுர அடி லோடுக்கு ஸ்டாக்கில் 460.8 கல் கழிகிறது. முக்கால் கல்லை யாரும் லாரியில் ஏற்றுவதில்லை, போனது 461. எண்ணிக்கை பார்க்கும் அக்காவின் நோட்டும் ஆப்பும் லோடுக்கு லோடு கொஞ்சம் கொஞ்சமாக விலகின.

டீலரின் பேக்கேஜில் கேள்வியே வேறு மாதிரி இருந்தது. எத்தனை கல், எத்தனை சதுர அடி என்று இரண்டு பக்கமும் முழு எண் கேட்டது. 144 கல் = 100 சதுர அடி. எட்டுக்கு எட்டுக் கல்லுக்கு 9 கல் = 4 சதுர அடி. தசமமே வரவில்லை. பில்லில் 461 கல், 320 சதுர அடி என்று இரண்டையும் தனித்தனியாகத் திருத்தவும் விட்டது. பெரியப்பா அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். "இது நம்ம கணக்கு மாதிரியே போடுதே ஆத்தா" என்றார்.

உள்ளூர் புரோகிராமர், "எப்படி வேணுமோ அப்படி எழுதித் தர்றேன்" என்றார். உண்மைதான், அவரால் முடியும். ஆனால் அன்றைக்குக் காட்ட எங்களுக்கானது எதுவும் அவர் கையில் இல்லை. வேறொரு வாடிக்கையாளருடைய கணக்கைத் திறந்து காட்டினார். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது திரையில் பெயரோடு ஓடியது. நான் வேண்டாம் என்று மூடச் சொன்னேன். நாளைக்கு எங்கள் பாக்கியும் இன்னொரு பட்டறைத் திரையில் ஓடும்.

முன்பணம்

25,000 முன்பணத்தை எப்படிப் பதிவது என்று மூவரையும் கேட்டேன். பொருள் விற்பவர் முன்பணம் வாங்கும்போது அதற்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை. 2017 நவம்பர் 15 முதல் அப்படித்தான். பில் போடும்போது கட்டினால் போதும். சேவைக்கு வாங்கும் முன்பணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. கல்லோடு பதிப்பு வேலையையும் சேர்த்து எடுக்கிறவர்கள் இதை ஆடிட்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆப்காரர், "முன்பணத்துக்கு ஒரு பில் போட்டுருங்க மேடம்" என்றார். அப்படிச் செய்தால் போகாத கல்லுக்கு வரி கட்டுவோம், கடைசி பில்லில் அதைக் கழிக்கத் தனியாகப் போராடுவோம். ஆப்பில் ரசீது போடும் இடம் இருக்கத்தான் செய்கிறது, பின்னால் நானே பார்த்தேன். சொல்லித் தந்தவருக்குத் தெரியவில்லை. இதை ஆப்பின் குறையாக எழுதவில்லை. உதவிக்குக் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள் என்பதற்கு அடையாளமாகக் குறித்துக்கொண்டேன்.

பேக்கேஜில் ரசீதை அந்த ஆர்டரோடு கட்ட முடிந்தது. மூன்று லோடுக்கும் பில் போட்டபின் எவ்வளவு பாக்கி, எத்தனை சதுர அடி இன்னும் போக வேண்டும் என்று ஒரே இடத்தில் வந்தது.

பெங்களூர் லோடில் சொல்ல அதிகமில்லை. வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் கர்நாடகத்துக்கான 29-ல் தொடங்கியதும், பேக்கேஜும் ஆப்பும் வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டிக்குத் தானாக மாறின. ஈ-வே பில்லில் மட்டும் ஆப், தமிழ்நாட்டுக்குள் போகும் லோடுக்கும் 50,000 தாண்டினாலே எச்சரித்தது. மாநிலத்துக்குள் நமக்கு எல்லை ஒரு லட்சம். உடைந்த 38 கல்லுக்கு இரண்டிலும் வரவுக் குறிப்பு ஒழுங்காக வந்தது.

தொட்டியில் கிடக்கும் கல்

இதில் புரோகிராமர் காகிதத்தில் வரைந்து காட்டியதுதான் அழகு. வார்த்தது, ஊறுவது, காய்வது, விற்பனைக்கு என்று நான்கு கட்டம், தேதி வந்ததும் தானாக நகரும். ஆப்பில் எதுவுமே இல்லை. வார்த்த அன்றே எல்லாம் விற்கும் ஸ்டாக்கில் சேர்ந்துவிடும். ட்ரையலின் நான்காம் நாள் அதை நம்பி ஒருவருக்கு 200 கல் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா தொட்டியைக் காட்டி, "கம்ப்யூட்டரு சொல்ற கல்லு இங்க ஊறிக்கிட்டு கெடக்கு பாரு" என்றார்.

பேக்கேஜில் டீலர் சொன்ன வேறு வழி இது: குடோன் என்று மூன்று பெயர் கொடுங்கள் - தொட்டி, காய்தல், விற்பனை. வார்த்ததைத் தொட்டிக் குடோனில் சேர்த்து, எடுக்கும் நாளில் ஒரு மாற்றுப் பதிவு போட்டு அடுத்ததற்கு நகர்த்துங்கள். தானாக நகராது, யாராவது தினமும் ஒரு பதிவு போட வேண்டும். ட்ரையலில் அக்காவே அதைப் போட்டார், நாளுக்கு ஐந்து நிமிடம்.

டேட்டாவை வெளியே எடுத்தது

ட்ரையலின் கடைசி நாளுக்கு இதைத் தள்ளிவைக்காதீர்கள். மூன்றாம் நாளே செய்யுங்கள், சரியில்லாவிட்டால் கேட்க நாள் இருக்கும். பேக்கேஜிலிருந்து வாடிக்கையாளர், பாக்கி, ஸ்டாக், ஒவ்வொரு பில் என எல்லாம் எக்செல்லில் வந்தது. ஆப்பில் பில்கள் பிடிஎஃப் ஆகவும், வாடிக்கையாளர் பட்டியல் எக்செல் ஆகவும் வந்தன. பட்டியலில் பாக்கித் தொகை இல்லை. பிடிஎஃப்பை வைத்துக்கொண்டு இன்னொரு சாஃப்ட்வேருக்கு மாற முடியாது. புரோகிராமர், "எப்ப வேணும்னாலும் என்னையக் கேளுங்க, எடுத்துத் தர்றேன்" என்றார். நல்ல மனிதர், எடுத்தும் தருவார். அவர் வெளிநாடு போய்விட்டால் யாரைக் கேட்பது? அதற்கு அவரிடம் பதில் இல்லை.

மதிப்பெண் போட்டபோது

ஒவ்வொரு காகிதத்துக்கும் பத்து மதிப்பெண் என்று போட்டுக் கூட்டினேன். வாயால் சொன்னதையும் நம்பிக் கூட்டியதில் புரோகிராமர் முதலில் வந்தார். அங்கேதான் கூட்டல் ஏமாற்றுகிறது. தொட்டிக் கல்லில் வாங்கிய பத்து, டேட்டா நம் கையில் இல்லாததை மறைத்துவிடுகிறது. அதனால் பட்டியலை இரண்டாகப் பிரித்தேன். இவை இல்லாவிட்டால் மேலே பார்ப்பதே இல்லை என்று மூன்று:

- கல்லும் சதுர அடியும் ஸ்டாக்கில் பிசகாமல் இருக்க வேண்டும்.
- முன்பணமும் மூன்று லோடும் ஒரே ஆர்டரில் பாக்கியோடு தெரிய வேண்டும்.
- யாரையும் கேட்காமல் முழு டேட்டாவையும் எக்செல்லில் நாமே எடுக்க வேண்டும்.

இந்த மூன்றையும் தாண்டியவர்களுக்குத்தான் மதிப்பெண். டெமோவில் செய்து காட்டியதற்கு முழு மதிப்பெண், சொன்னதற்குப் பூஜ்யம். இப்படிப் பார்த்ததும் பேக்கேஜ் ஒன்றுதான் நின்றது.

விலை இதைத் தீர்மானிக்கவில்லை. ஆப் ஒரு கருவிக்கு வருடம் 4,000. கடை, பட்டறை, பெரியப்பா போன் என்று மூன்று கருவிக்கு மூன்று வருடத்தில் 36,000. பேக்கேஜ் லைசென்ஸ் 24,000, இரண்டு வருடப் புதுப்பிப்பு 10,000, பயிற்சி 3,000, ஆக 37,000. முதல் வருடத்தை மட்டும் பார்த்திருந்தால் ஆப் பாதிக்கும் குறைவு போலத் தெரிந்திருக்கும்.

எங்களுக்குச் சரிப்படாத ஆப் எல்லோருக்கும் ஆகாது என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டுக் கல் மட்டும் செய்கிறவருக்கு ஒரு கல்லே ஒரு சதுர அடி. அங்கே இந்தத் தசமத் தகராறே கிடையாது. செய்து முடித்த கல்லை மட்டும் கணக்கில் ஏற்றி, சைட்டில் நின்றபடியே போனில் பில் போடுகிறவராக இருந்தால் நானே ஆப்பைத்தான் சொல்வேன், பாக்கி விவரத்தை மாதாமாதம் தனியாக எழுதிவைக்கச் சொல்லி.

ட்ரையலின்போது டீலரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: "மாத நடுவுல வரி மாறினா என்ன செய்வீங்க?" வரி விகிதத்துக்குப் பக்கத்தில் எந்தத் தேதியிலிருந்து என்று போடும் இடத்தைக் காட்டினார். அப்போது அது சும்மா கேட்ட கேள்வி. 2025 செப்டம்பர் 22-ல் சிமெண்டுக்கு 28 சதவீதம் 18 ஆனது, மாத நடுவில். செப்டம்பர் 10-ல் வாங்கிய மூட்டைகளில் சில கட்டிதட்டிப்போக, 25-ம் தேதி திருப்பி அனுப்பினோம். பழைய பில்லைத் தேர்ந்தெடுத்ததும் திருப்பிய மூட்டைக்கு 28 சதவீதமே வந்தது, அன்று புதிதாக வந்த லோடுக்கு 18. ஐந்தாவது காகிதத்தை எடுத்து அதன் பின்பக்கம் தேதியை எழுதி ஃபைலில் வைத்தேன்.